"தெரியல" என்ற பதிலைப் படிப்பது எப்படி? எதிர்காலப் பேச்சையே எடுக்க விடாத துணையோடு இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் கொங்குப் பக்கம் "பாக்கலாமுங்க" என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு அப்படிச் சொன்னால் பெரும்பாலும் வேண்டாம் என்று பொருள். மழையை எதிர்பார்த்து நிற்கிற மானாவாரிக் காட்டுக்காரர் சொன்னால், அவருக்கு உண்மையிலேயே தெரியாது. சொல் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. நாலு வருஷமாகக் காதலிக்கிற ஒருவர் இதையே சொல்லும்போது இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

நான் கோவையில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: "அவருக்கு நெசமாவே தெரியலையா, இல்ல என்னைத் தட்டிக்கழிக்கிறாரா?" அதைப் பிரித்துப் பார்க்க நான் சொல்லித்தரும் வழியை இங்கே எழுதுகிறேன். கூடவே ஒரு ஜோடியின் கதையும் வரும். அவர்களைக் கவிதா, பிரபு என்று வைத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கவிதாவுக்கு 29 வயது, கோபிக்காரி, சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பிரபுவுக்கு 31. திருப்பூரில் 12 தையல் மெஷின் போட்டு பவர் டேபிள் யூனிட் நடத்துகிறான், பனியனுக்கு ஜாப் ஒர்க். ஒரே சாதி, வேறு வேறு கூட்டம். கூட்டம் என்றால் சாதிக்குள் இருக்கும் குலம், ஒரே கூட்டத்துக்குள் கல்யாணம் செய்வதில்லை. அதை மட்டும் பழகிய முதல் மாதமே விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். நம் பக்கத்துக் காதலில் அதுதான் முதல் எச்சரிக்கை உணர்வு!

இந்தக் கதையில் பேச மறுப்பவன் ஆண். பெண்களும் இப்படி மறுப்பது உண்டு. வழி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

முதலில்: எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று பாருங்கள்

"எதிர்காலத்தைப் பத்திப் பேசவே மாட்டேங்கறார்" என்று சொல்லும்போது, எதிர்காலம் ஒரே கேள்வி மாதிரி தெரிகிறது. உண்மையில் அது ஐந்தாறு கேள்விகள். கல்யாணம் வேண்டுமா? வீட்டில் எப்போது சொல்வது? திருப்பூரிலா கோவையிலா, எங்கே குடியிருப்பது? அப்பா அம்மாவை யார் பார்ப்பது? கடன் எவ்வளவு? குழந்தை? ஒரு தாளில் இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கடைசியாக அதைக் கேட்டபோது கிடைத்த பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

கவிதா எழுதிப் பார்த்தபோது அவளுக்கே ஆச்சரியம். எங்கே குடியிருப்பது என்பதைப் பற்றிப் பிரபு தானாகவே பேசியிருக்கிறான், அவினாசிப் பக்கம் வீடு பார்த்தால் இருவருக்கும் தோதாக இருக்கும் என்றுகூட. குழந்தையைப் பற்றியும் பேசியிருக்கிறான். எப்போது கல்யாணம், அம்மாவிடம் எப்போது சொல்வது என்ற இரண்டில் மட்டும்தான் வாயைத் திறக்கவில்லை. "எதுவுமே பேச மாட்டான்" என்று நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, பூட்டியது இரண்டு கதவுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

எல்லாக் கதவும் பூட்டியிருந்தால், அடுத்த மாதம் ஊட்டிக்குப் போகலாமா என்பதற்குக்கூட பதில் வராது என்றால், அது வேறு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது: உங்கள் கேள்வியைக் கொஞ்சம் சோதியுங்கள்

இந்தப் படியைச் சொன்னால் என்னிடம் வருகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். "அவன் பேசாம இருக்கான், நீங்க என்னைத் திருத்தறீங்களா?" என்பார்கள். காரணம் இருக்கிறது. தம்பதிகளுக்குள் ஒருவர் கேட்டுக்கொண்டே துரத்துவதும் மற்றவர் ஒதுங்கிக்கொண்டே போவதும் உளவியலில் நன்கு ஆராயப்பட்ட ஒரு சுழல். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுகிற விஷயத்தில் யார் மாற்றம் கேட்கிறார் என்பதைப் பொறுத்து இந்த வேடம் மாறுவதைக் காட்டினார்கள். அதாவது, ஒதுங்குவது ஆணின் பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. இந்தச் சுழலுக்குள் இருக்கும்போது நேர்மையாகக் குழம்பியிருப்பவனும் தப்பித்து ஓடுகிறவன் மாதிரியேதான் தெரிவான். அதனால் சுழலை நிறுத்தாமல் ஆளைப் படிக்க முடியாது.

உடம்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. தம்பதிகள் சண்டை போடும்போது அவர்கள் நாடித்துடிப்பை அளந்து பார்த்த ஜான் காட்மன், துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டைக்குள் சரியாக ஏறாது என்கிறார். அது அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். வெளியே பார்த்தால் கல் மாதிரி உட்கார்ந்திருப்பான், உள்ளே படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்.

கவிதா எப்போது கேட்பாள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால். நாள் முழுக்க மனசுக்குள் அடக்கி வைத்தது அப்போதுதான் வெளியே வரும். திங்கள் காலை அனுப்ப வேண்டிய பீஸ் கணக்கு அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பதில், "உடு, அப்புறம் பேசிக்கலாம்."

இதை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவையுங்கள்: "சனிக்கிழமை அரை மணி நேரம் ஒரு விஷயம் பேசணுங்க. சண்டை போட மாட்டேன். ஒரே கேள்விதான்." முகத்துக்கு நேரே உட்கார வேண்டாம், பக்கத்தில் நடந்துகொண்டே பேசலாம். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். அரை மணி முடிந்ததும் நீங்களே பேச்சை நிறுத்துங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் சரி. இந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு நேரம் உண்டு என்று நம்பினால்தான் அடுத்த முறை வருவான்.

இப்படி இரண்டு மூன்று முறை அமைதியாக அழைத்தும் அந்த அரை மணிக்கே வர மறுக்கிறானா? அதுவும் ஒரு பதில்தான், எழுதிவையுங்கள்.

மூன்றாவது: கேட்க வேண்டிய ஒரே கேள்வி

"எப்பக் கல்யாணம்?" என்று கேட்டால் "தெரியல" என்பதோடு முடிந்துபோகும். அதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: "எது தெரிஞ்சா உங்களுக்கு இது தெரியும்?"

இந்த வழிகாட்டியின் அச்சாணி இதுதான். நேர்மையான குழப்பத்துக்கு உள்ளே சரக்கு இருக்கும். அது எதன் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியும். சொல்லத் தயங்கலாம், இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம், ஆனால் சொல்ல ஒன்று இருக்கும். தட்டிக்கழிப்பதில் அது இருக்காது. "எல்லாம் நேரம் வந்தா நடக்கும்", "இப்ப என்ன அவசரம்", "நீ ஏன் இப்பிடி நோண்டற" என்று பதில் உங்களைச் சுற்றியோ காலத்தைச் சுற்றியோ போகுமே தவிர, விஷயத்துக்குள் இறங்காது.

கவிதா கேட்டாள். பிரபு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "மெஷின் கடன் முடியோணும்." எவ்வளவு பாக்கி என்று கேட்டதற்கு, மாதம் 20,000 ரூபாய் தவணை, இன்னும் 14 மாதம் இருக்கிறது என்று சொன்னான். ஆர்டர் இல்லாத மாதங்களில் தவணைக்கே கைமாத்து வாங்குகிறானாம். கல்யாணம் ஆனால் இரண்டு பேர் சம்பாத்தியம் வருமே என்றாள். "உன்ற சம்பளத்துல என்ற கடனைக் கட்டறதா?" என்றான். அது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. ஆனால் தொகை இருக்கிறது, மாதம் இருக்கிறது, அவனுக்கு வலிக்கிற இடமும் இருக்கிறது. முதல் கதவுக்குப் பின்னால் இருந்தது நேர்மையான குழப்பம்தான்.

இரண்டாவது கதவுக்கும் இதே கேள்வி. "அம்மாகிட்டச் சொல்றதுக்கு எது தெரியணும்?" பதில்: "பாக்கலாம்." அடுத்த முறையும் அதே. மூன்றாம் முறை எரிச்சல்.

நாலாவது நடையில்தான் வந்தது. அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல், குழந்தையோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் கல்யாணம் என்ற வார்த்தையை யாரும் எடுப்பதில்லையாம். கவிதாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து என்னிடம் வந்தாள்.

நான் அவசரப்பட வேண்டாம் என்றேன். காரணம் சொல்வது ஒன்று, நகர்வது இன்னொன்று. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். மனசைத் திறந்து அழுதான், அதனால் நேர்மையானவன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அழகாகக் குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் தங்கள் குழப்பத்தைப் பற்றிப் பேசுவார்கள், சின்ன வயதுக் கதையெல்லாம் வரும், கேட்கிற நமக்கே பாவமாக இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு அங்குலம் அசைந்திருக்காது. என் அனுபவத்தில், வாயே திறக்காதவனைவிட இந்த ரகத்தைப் படிப்பதுதான் கடினம். அதற்காகத்தான் அடுத்த படி.

நான்காவது: ஆறு வார நோட்டு

மனசு கணக்கு வைப்பதில்லை. கடைசி ஞாயிறு நன்றாகப் போயிருந்தால் எல்லாம் நன்றாகத் தெரியும், சண்டையில் முடிந்திருந்தால் நாலு வருஷமும் வீணாகத் தெரியும். அதனால் ஒரு சின்ன நோட்டில், அல்லது போனில், ஆறு வாரம் நாலே விஷயம் எழுதுங்கள். தேதி, பேச்சை எடுத்தது யார், அவர் சொன்ன வார்த்தை, அதற்கப்புறம் நடந்த காரியம். உங்கள் உணர்ச்சியை இதில் எழுத வேண்டாம், அதற்கு வேறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இது வேவு பார்ப்பது ஆகாதா என்று ஒரு பெண் கேட்டாள். அவர் போனைத் திறந்து பார்த்தால்தான் வேவு. உங்களுக்கு நடந்ததை நீங்கள் எழுதுவதில் தப்பில்லை.

ஆறு வாரம் முடிந்ததும் இரண்டாவது, நான்காவது பத்திகளை மட்டும் படியுங்கள். கவிதாவின் நோட்டில் ஐந்து பேச்சுகள் இருந்தன. ஐந்தையும் எடுத்தது அவள். காரியம் என்ற பத்தியில் கடனைப் பற்றி இரண்டு வரி: பாஸ்புக்கைக் காட்டினான், தீபாவளி போனஸ் பட்டுவாடா முடிந்ததும் இரண்டு தவணையைச் சேர்த்துக் கட்ட முடியுமா என்று வங்கியில் விசாரித்தான். அம்மாவைப் பற்றிய பேச்சுகளுக்கு எதிரே அந்தப் பத்தி காலி. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம் என்பதை நோட்டுதான் காட்டியது. "அவன் நேர்மையானவனா, ஏமாற்றுகிறவனா?" என்று ஆளை எடைபோடப் போனால் விடை கிடைக்காது. இந்தக் கேள்வியில் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால் கிடைக்கும்.

ஐந்தாவது: தவறிய தேதியை யார் எடுக்கிறார்கள்?

நம் ஊரில் தள்ளிப்போடுவதற்குப் பஞ்சாங்கமே துணை செய்யும். ஆடி கழியட்டும். தீபாவளிப் போனஸ் முடியட்டும். மார்கழியில் எப்படிப் பேசுவது, தை பிறக்கட்டும். அப்புறம் ஒரு ஏற்றுமதி ஆர்டர் வந்துவிடும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான காரணம். அதனால் காரணம் சரியா என்று வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள்.

தேதி கடந்த பிறகு நடப்பதை மட்டும் பாருங்கள். அவர் சொன்ன தேதி போய்விட்டது. நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், இரண்டு வாரம் சும்மா இருங்கள். அவராகவே வந்து "சொன்னேன்ல, முடியல" என்று எடுக்கிறாரா, அல்லது அப்படி ஒரு தேதி இருந்ததே இல்லாத மாதிரி நடக்கிறாரா? தேதி தவறுவது ஒரு பொருட்டல்ல. பயத்தில் எல்லோரும் தவறுவார்கள். தவறியதைத் தன் கையால் எடுத்து மேசை மேல் வைக்கிறவனுக்கு அந்தக் கேள்வி மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வைக்காதவனுக்கு, நீங்கள் கேட்காத நாள் நிம்மதியான நாள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த அடையாளங்களில் இதைவிட நம்பகமானது இல்லை.

அம்மாவிடம் சொல்வதற்குப் பிரபு கடைசியில் கொடுத்த தேதி, ஆடி கழிந்ததும். ஆகஸ்ட் 17 வாக்கில் ஆவணி பிறந்தது. முதல் வாரம் ஒன்றுமில்லை. கவிதா தினமும் எனக்குச் செய்தி அனுப்புவாள், நான் தினமும் பொறுக்கச் சொல்வேன். பன்னிரண்டாம் நாள் அவனே போன் செய்தான். "அம்மாகிட்டச் சொல்லலை. சமையக்கட்டு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன். அக்காகிட்டச் சொல்லிட்டேன்."

நோட்டில் முதல்முறையாகப் பேச்சை எடுத்தது யார் என்ற இடத்தில் அவன் பெயர். காரியம் என்ற இடத்திலும் ஒரு வரி. பாதி வழிதான், ஆனால் அவனாக வந்த பாதி.

இந்த வழி பொருந்தாத இடங்கள்

எல்லாக் கதவும் பூட்டியிருக்கும் ஆட்களைப் பின்னால் சொல்கிறேன் என்றேன். ஊட்டிக்கும் பதிலில்லை, தம்பி கல்யாணத்துக்குத் துணி எடுப்பதிலும் ஆர்வமில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேலாக அனேகமாகத் தினமும் இப்படியே என்றால், அது உங்களைப் பற்றிய பதிலே அல்ல. மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் அப்போது முதல் வேலை. நோட்டு அப்புறம்.

இரண்டாவது, சாதி வேறாக இருந்தால். இதை மென்று முழுங்காமல் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்ற மண் இது. இங்கே ஒருவர் "வீட்டில் இப்போது சொல்ல வேண்டாம்" என்றால் அது உயிர்ப்பயமாக இருக்கலாம், அந்தப் பயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யப் போனால் 30 நாள் அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும், அதைப் பார்த்து வீட்டுக்குத் தகவல் போகுமே என்று தயங்குவதும் நியாயம்தான். இவர்களிடம் வீட்டில் சொல்லும் தேதியை வைத்து எடை போடாதீர்கள். அதே அச்சாணிக் கேள்வியைக் கேளுங்கள். நிஜமாகப் பயப்படுகிறவர் எந்த ஊருக்குப் போவது, வேலையை எப்படி மாற்றுவது, எந்த வக்கீலைப் பார்ப்பது என்று பயத்துக்குள்ளேயே திட்டம் போட்டுக்கொண்டிருப்பார். மிரட்டல் வந்தால் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

கேட்டாலே கை ஓங்குகிறார், பொருளை உடைக்கிறார் என்றால் இந்தப் படிகள் எதையும் செய்ய வேண்டாம். அங்கே படிக்க ஒன்றும் பாக்கியில்லை.

கடைசிப் படி: உங்கள் தேதி

துணையின் குழப்பம் நேர்மையானது என்று தெரிந்தாலே காத்திருக்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. நேர்மையாகக் குழம்புகிறவனையும் விட்டுப் போகலாம், அவன் கெட்டவன் என்று நிரூபித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை. எவ்வளவு காலம் உங்களால் முடியும் என்பது உங்கள் கணக்கு. உங்கள் வயது, வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்களா, உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் வைத்து நீங்களே ஒரு தேதி போடுங்கள்.

அந்தத் தேதியை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். "தைக்குள்ள நீங்க சொல்லியே ஆகோணும்" என்றால் அது அவன் மேல் வைக்கிற கத்தி. கவிதா சொன்னது இது: "கார்த்திகை முடியற வரைக்கும் நான் இருப்பேனுங்க. அதுக்கப்புறம் எங்க அப்பா பாக்கற இடத்துக்கு மறுப்புச் சொல்ல என்னால முடியாது. இது மிரட்டல் இல்லீங்க, தெரிஞ்சுக்கங்கன்னு சொல்றேன்." சொன்ன பிறகு நினைவுபடுத்தக் கூடாது. அது ரொம்பக் கஷ்டம். கவிதா அந்த நாட்களில் சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடக்கப் போய்விடுவாள், போனை வீட்டில் வைத்துவிட்டு.

தேதி வந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், சொன்னதைச் செய்யுங்கள். அன்றைக்குப் போய் இன்னொரு மாதம் நீட்டினால், அடுத்து நீங்கள் போடும் எந்தத் தேதிக்கும் மதிப்பிருக்காது. உங்கள் கண்ணிலும்தான்.

பிரபு ஐப்பசி கடைசியில் அம்மாவிடம் சொன்னான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். கடனையும் சேர்த்தே சொல்லியிருக்கிறான், அதை அவன் அம்மாவும் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டார். மூன்று நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டே கேட்ட முதல் வார்த்தை, "அந்தப் புள்ள எந்தக் கூட்டம்?"